ஒரே கேஷ்பேக் மூன்று முறை ஏறினால்: மெசேஜ் கியூவில் டெலிவரி உத்தரவாதம், ரீட்ரை, டூப்ளிகேட் – ஒரு முழு வழிகாட்டி

நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், ஆர்டர் முடிந்ததும் வாடிக்கையாளரின் வாலட்டில் 50 ரூபாய் கேஷ்பேக் ஏற்றி, அப்புறம் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும் ஒர்க்கர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் அக்கவுண்ட்ஸ் ஆள் வந்து, "தம்பி, கொடுத்த கேஷ்பேக்குக்கும் முடிந்த ஆர்டருக்கும் கணக்கு ஒட்டவே மாட்டேங்குதே" என்றார். சிலருக்கு 100, சிலருக்கு 150 ஏறியிருந்தது. ஒருத்தர்கூட கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணவில்லை! குறைவாக வந்தால்தானே கூப்பிடுவார்கள். எரர் லாகும் கிட்டத்தட்ட சுத்தமாக இருந்தது.

அந்த ஒரு பிழையை வைத்தே முழு விஷயத்தையும் சொல்கிறேன். ஆர்டர் முடிந்ததும் ஆர்டர் சர்வீஸ் ஒரு மெசேஜைக் கியூவில், அதாவது காத்திருக்கும் வரிசையில், போடும், ஒர்க்கர் அதை எடுத்து வேலையைச் செய்யும். கியூ அமேசான் எஸ்க்யூஎஸ், அதில் ஸ்டாண்டர்ட் வகை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். நீங்கள் ராபிட்எம்க்யூ அல்லது காஃப்கா வைத்திருந்தாலும் சிக்கலின் எலும்புக்கூடு இதேதான், பெயர்கள்தான் மாறும்.

## முதலில், கியூ என்ன வாக்குக் கொடுக்கிறது?

ஒப்புகை அட்டையோடு அனுப்பும் தபாலை நினைத்துக்கொள்ளுங்கள். கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வரும் வழியில் தொலைந்துவிட்டது. அனுப்பியவருக்குக் கடிதம் தொலைந்ததா, அட்டை தொலைந்ததா என்று தெரிய வழியே இல்லை. அவர் முன்னால் இரண்டே வாய்ப்புதான்: சும்மா இருந்துவிடலாம், அப்போது கடிதம் போகாமலே இருந்திருக்கலாம், இல்லை, இன்னொரு முறை அனுப்பலாம், அப்போது இரண்டு கடிதம் போயிருக்கலாம்.

முதல் வழிக்குப் பெயர் அட்-மோஸ்ட்-ஒன்ஸ், அதிகபட்சம் ஒரு முறை. இரண்டாவது அட்-லீஸ்ட்-ஒன்ஸ், குறைந்தது ஒரு முறை. மூன்றாவதாக எக்ஸாக்ட்லி-ஒன்ஸ், சரியாக ஒரே முறை, என்று ஒன்றை எல்லாரும் கேட்பார்கள். நெட்வொர்க் நடுவில் இருக்கும்வரை டெலிவரியில் அது கிடைக்காது. கிடைக்கக்கூடியது வேறு: மெசேஜ் எத்தனை முறை வந்தாலும் அதன் விளைவு ஒரே முறைதான் நடக்கும் என்று நாம் செய்துகொள்வது. அந்த வேலை கியூவுடையது அல்ல, ஒர்க்கர் எழுதுகிறவருடையது.

எஸ்க்யூஎஸ் ஸ்டாண்டர்ட் கியூ அட்-லீஸ்ட்-ஒன்ஸ். ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள், நாங்கள்தான் அதைப் படித்துவிட்டு மறந்துவிட்டோம்.

## அந்த 50 ரூபாய் எப்படி 150 ஆனது

ஒர்க்கர் மெசேஜை எடுத்தவுடன் எஸ்க்யூஎஸ் அதை அழித்துவிடாது, கொஞ்ச நேரம் மற்ற ஒர்க்கர்களின் கண்ணில் படாமல் மறைத்து வைக்கும். இந்த மறைவு நேரம்தான் விசிபிலிட்டி டைம்அவுட். நாமாக மாற்றாவிட்டால் 30 வினாடி. அதற்குள் வேலையை முடித்து `DeleteMessage` அழைக்க வேண்டும், இல்லையென்றால் மெசேஜ் மறுபடி வெளியே வந்துவிடும்.

ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம், `order-7714`. காலை 8:00:00-க்கு முதல் ஒர்க்கர் மெசேஜை எடுக்கிறது. 8:00:01-க்கு வாலட்டில் 50 ஏற்றி கமிட் ஆகிவிட்டது. அடுத்து எஸ்எம்எஸ் கேட்வேயை அழைக்கிறது, அன்றைக்குப் பார்த்து கேட்வே மந்தம், பதில் வர 40 வினாடி. நாங்கள் பைத்தானின் `requests` பயன்படுத்தினோம், அதில் டைம்அவுட் கொடுக்காவிட்டால் அது தானாக விட்டுவிடாது, காத்துக்கொண்டே இருக்கும். 8:00:30-க்கு மறைவு நேரம் முடிந்தது, இரண்டாவது ஒர்க்கர் அதே மெசேஜை எடுத்தது, இன்னொரு 50 ஏற்றியது, அதுவும் எஸ்எம்எஸ்ஸில் போய் மாட்டிக்கொண்டது.

இனிதான் வேடிக்கை. 8:00:41-க்கு முதல் ஒர்க்கருக்குப் பதில் வந்துவிட்டது, அது `DeleteMessage` அழைக்கிறது, வெற்றி என்றே பதிலும் வருகிறது. ஆனால் மெசேஜ் அழியவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் எஸ்க்யூஎஸ் ஒரு புது ரிசீட் ஹேண்டில் கொடுக்கும், பழைய ஹேண்டிலை வைத்து அழிக்கச் சொன்னால் எரர் வராமலே மெசேஜ் அப்படியே இருந்துவிடலாம். ஆக 8:01:00-க்கு மூன்றாவது ஒர்க்கர். அதற்குள் கேட்வே சரியாகிவிட்டது, அது இரண்டு வினாடியில் முடித்து ஒழுங்காக அழித்தது. மொத்தம் 150 ரூபாய், மூன்று எஸ்எம்எஸ், லாகில் மூன்று "வெற்றி".

யாரும் விழவில்லை, எதுவும் கிராஷ் ஆகவில்லை. ஒரு பக்கம் மெதுவாக இருந்தது, அவ்வளவுதான். டூப்ளிகேட் என்றாலே ஏதோ அபூர்வமான நெட்வொர்க் கோளாறு என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொன்னேன்.

## படி 1: நேரக் கணக்கைச் சரி செய்யுங்கள்

ஒர்க்கர் வெளியே அழைக்கும் ஒவ்வொரு அழைப்புக்கும் டைம்அவுட் வையுங்கள். அவற்றைக் கூட்டுங்கள், டேட்டாபேஸ் நேரத்தையும் சேருங்கள். விசிபிலிட்டி டைம்அவுட் அதைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். எஸ்எம்எஸ்ஸுக்கு 10 வினாடி, டேட்டாபேஸுக்கு 5 என்றால் 60 வைக்கலாம். பயந்துபோய் ஒரு மணி நேரம் வைத்துவிடாதீர்கள், ஒர்க்கர் நிஜமாகவே செத்துப்போனால் அந்த மெசேஜ் ஒரு மணி நேரம் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

வேலை எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத ஒர்க்கர் என்றால், வேலை நடக்கும்போதே அவ்வப்போது `ChangeMessageVisibility` அழைத்து நேரத்தை நீட்டிக்கொண்டே போகலாம். இப்படி நீட்டினாலும் எடுத்த நேரத்திலிருந்து 12 மணி நேரம்தான் எல்லை.

நிறையப் பேர் விழும் ஒரு குழி இங்கே இருக்கிறது. ஒரே அழைப்பில் 10 மெசேஜ் வரை எடுக்கலாம், எடுத்தால் செலவு குறையும் என்று எல்லாரும் எடுப்பார்கள். ஆனால் எடுத்த கணத்திலேயே பத்துக்கும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. ஒவ்வொன்றும் 4 வினாடி எடுத்து, வரிசையாகச் செய்தால், எட்டாவது மெசேஜ் முடியும்போதே, மாற்றாமல் விட்ட மறைவு நேரமான 30-ஐத் தாண்டி 32 வினாடி. கடைசி மூன்றும் நிச்சயம் இன்னொருவர் கைக்கும் போகக்கூடியவை. தொகுப்பாக எடுத்தால் நேரத்தையும் தொகுப்புக்கே கணக்கிடுங்கள்.

இதையெல்லாம் செய்தால் டூப்ளிகேட் குறையும், ஒழியாது. வேலை முடிந்து, அழிப்பதற்கு முந்தைய நொடியில் ஒர்க்கர் விழுந்தால் எந்த டைம்அவுட்டும் காப்பாற்றாது.

## படி 2: எது "அதே மெசேஜ்" என்று முடிவு செய்யுங்கள்

எஸ்க்யூஎஸ் ஒவ்வொரு மெசேஜுக்கும் `MessageId` கொடுக்கிறது, அதையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். நாங்கள் முதலில் செய்ததும் அதுதான், பாதி டூப்ளிகேட்தான் நின்றது. அனுப்பும் பக்கத்திலும் ரீட்ரை இருக்கிறது: ஆர்டர் சர்வீஸ் மெசேஜை அனுப்பியது, கியூ வாங்கிக்கொண்டது, பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்தது, சர்வீஸ் மறுபடி அனுப்பியது. இப்போது கியூவில் இரண்டு மெசேஜ், இரண்டு வெவ்வேறு `MessageId`, சொல்லும் சேதி ஒன்றேதான்.

அதனால் அடையாளம் தொழில் கணக்கிலிருந்து வரவேண்டும். `cashback:order-7714` என்பது போல. ஒரு ஆர்டருக்கு ஒரு கேஷ்பேக்தான் என்ற விதி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அப்படி இயல்பான சாவி இல்லாத இடத்தில், செயல் பிறக்கும் இடத்திலேயே ஒரு யூயூஐடி உண்டாக்கி, மெசேஜுக்குள் வைத்து அனுப்புங்கள். வாங்கும் பக்கத்தில் உண்டாக்கினால் ஒவ்வொரு முறையும் புதிது வரும், பயனே இல்லை.

மெசேஜின் உள்ளடக்கத்தை ஹாஷ் செய்து அதைச் சாவியாக்குவதும் ஆபத்து. ஒரே ஆள் ஒரே கடையில் காலையும் மாலையும் 20 ரூபாய் அனுப்பினால் இரண்டும் நிஜமான பரிமாற்றங்கள், ஹாஷோ ஒன்று.

## படி 3: பதிவும் விளைவும் ஒரே டிரான்சாக்‌ஷனில்

வழிகாட்டியின் மையம் இதுதான், மற்றதை மேலோட்டமாகப் படித்தாலும் இங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

```sql
BEGIN;

INSERT INTO processed_events (event_key)
VALUES ('cashback:order-7714')
ON CONFLICT (event_key) DO NOTHING;

-- மேலே 0 வரி சேர்ந்திருந்தால் UPDATE-ஐத் தவிர்க்கவும்

UPDATE wallets SET balance = balance + 50
WHERE user_id = 318;

COMMIT;
```

`event_key` மீது யூனிக் கட்டுப்பாடு இருக்க வேண்டும், பிரைமரி கீயாகவே வைத்துவிடுங்கள். கமிட் ஆன பிறகுதான் `DeleteMessage`. 0 வரி என்றால் இந்த வேலை ஏற்கெனவே முடிந்தது, வாலட்டைத் தொடாமல் மெசேஜை மட்டும் அழித்துவிட்டுப் போகலாம்.

இரண்டு ஒர்க்கர்கள் ஒரே நேரத்தில் இதைச் செய்தால்? இரண்டாமவரின் இன்சர்ட், முதலாமவரின் டிரான்சாக்‌ஷன் முடியும்வரை போஸ்ட்கிரெஸ்ஸிலேயே காத்து நிற்கும். முதலாமவர் கமிட் செய்தால் இரண்டாமவருக்கு 0 வரி. முதலாமவர் ரோல்பேக் ஆனால், பதிவும் சேர்ந்தே போய்விட்டதால் இரண்டாமவர் இன்சர்ட் செய்து வேலையைத் தொடர்வார். இரண்டுமே நமக்கு வேண்டிய விடைதான்.

இதை எப்படியெல்லாம் தவறாகச் செய்யலாம் என்பதற்கு எங்கள் குழுவே நல்ல காட்சிசாலை. ஒருவர் முதலில் `SELECT` செய்து, இல்லையென்றால் ஏற்று என்று எழுதினார். இரண்டு ஒர்க்கரும் ஒரே கணத்தில் பார்த்தால் இருவருக்கும் "இல்லை" என்றுதான் வரும். இன்னொருவர் ரெடிஸில் `SET key 1 NX` போட்டுச் சாவியைப் பிடித்துவிட்டு, அப்புறம் போஸ்ட்கிரெஸ்ஸில் பணம் ஏற்றினார். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் சாவியைப் பிடித்ததற்கும் பணம் ஏற்றியதற்கும் நடுவில் ஒர்க்கர் விழுந்தால், அடுத்த முறை மெசேஜ் வரும்போது "ஏற்கெனவே முடிந்தது" என்று தூக்கி எறிந்துவிடும். டூப்ளிகேட்டை ஒழிக்கப் போய் பணத்தையே தொலைத்த கதை. சாவி ஒரு ஸ்டோரிலும் விளைவு இன்னொரு ஸ்டோரிலும் இருந்தால் இந்த இடைவெளி இருந்தே தீரும்.

இந்த டேபிளில் எத்தனை நாள் பதிவு வைப்பது என்றால், ஒரு மெசேஜ் திரும்பி வரக்கூடிய கடைசி நாள்வரை. எஸ்க்யூஎஸ் ஒரு மெசேஜை அதிகபட்சம் 14 நாள் வைத்திருக்கும், கை வேலையாக மறுபடி அனுப்புவதையும் கணக்கில் எடுத்தால் ஒரு மாதம் வைக்கலாம். பணம் என்றால் நான் அழிக்கவே மாட்டேன், வாலட் லெட்ஜரிலேயே அந்தச் சாவியை ஒரு யூனிக் பத்தியாக வைத்துவிடுவேன்.

## படி 4: டேட்டாபேஸுக்கு வெளியே நடக்கும் விளைவுகள்

எஸ்எம்எஸ்ஸை ரோல்பேக் செய்ய முடியாது. அதனால் முதலில் இரண்டையும் பிரியுங்கள். பணம் ஏற்றும் ஒர்க்கர் பணத்தை மட்டும் ஏற்றட்டும், அதே டிரான்சாக்‌ஷனில் `outbox` என்ற டேபிளில் "இந்த எஸ்எம்எஸ் போக வேண்டும்" என்று ஒரு வரி எழுதட்டும். தனியாக ஒரு சின்ன புரோகிராம் அந்த டேபிளைப் பார்த்து எஸ்எம்எஸ் கியூவுக்கு அனுப்பி, அனுப்பியாயிற்று என்று குறித்துக்கொள்ளும். கமிட் ஆகிவிட்டது, மெசேஜ் போகவில்லை என்ற நிலையும், மெசேஜ் போய்விட்டது, கமிட் ஆகவில்லை என்ற நிலையும் இதில் வராது. ஆனால் அந்தச் சின்ன புரோகிராமும் அனுப்பியதற்கும் குறித்ததற்கும் நடுவில் விழலாம், அதனால் இங்கும் டூப்ளிகேட் வரும். படி 2-இல் சொன்ன சாவி மெசேஜுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது இதற்கும்தான்.

எதிர்ப்பக்கம் ஐடெம்பொடென்சி கீ வாங்கிக்கொள்ளும் என்றால் வேலை எளிது. உதாரணமாக ஸ்ட்ரைப்பின் ஏபிஐயில் `Idempotency-Key` என்று ஒரு ஹெடர் உண்டு, அதே கீயோடு மறுபடி அழைத்தால் புதிதாகப் பணம் எடுக்காமல் முதல் முறை கொடுத்த பதிலையே திருப்பித் தரும். ஆனால் 24 மணி நேரம் கழிந்த கீயை அவர்கள் நீக்கிவிடலாம். பலமுறை தோற்ற மெசேஜ்களை ஒதுக்கி வைக்கும் டெட் லெட்டர் கியூவில் மூன்று நாள் கிடந்த மெசேஜை மறுபடி ஓட்டும்போது அந்தப் பாதுகாப்பு இருக்காது என்பதை மறக்காதீர்கள், முதலில் அந்தப் பேமெண்டின் நிலையைக் கேட்டுவிட்டு அப்புறம் அழையுங்கள்.

கீயும் இல்லை, நிலையைக் கேட்கவும் வழியில்லை என்றால் தேர்வு உங்களுடையது. கேஷ்பேக் எஸ்எம்எஸ் இரண்டு முறை போனால் யாரும் சாகப்போவதில்லை, விட்டுவிடலாம்.

## படி 5: ரீட்ரை

தோல்வியை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். கேட்வே 503 கொடுத்தது, இணைப்பு அறுந்தது என்றால் கொஞ்ச நேரம் கழித்து முயன்றால் நடக்கலாம். ஜேசன் உடைந்திருக்கிறது, அந்த யூசரே இல்லை என்றால் நூறு முறை முயன்றாலும் அதே பதில்தான், அவற்றை உடனே தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

முதல் வகைக்கு இடைவெளி ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக வேண்டும், அதில் கொஞ்சம் தற்செயலும் கலக்க வேண்டும். கலக்காவிட்டால், கேட்வே விழுந்த நொடியில் தோற்ற ஆயிரம் மெசேஜும் சரியாக 10 வினாடி கழித்து ஒன்றாகக் கதவைத் தட்டும், இப்போதுதான் எழுந்து உட்கார்ந்த கேட்வே மறுபடி படுத்துவிடும்.

```python
import random

def delay(n):              # n = int(ApproximateReceiveCount), மெசேஜ் இதுவரை எத்தனை முறை எடுக்கப்பட்டது
    cap = min(900, 5 * 2 ** n)
    return random.randint(1, cap)
```

இந்த எண்ணை `ChangeMessageVisibility`க்குக் கொடுத்துவிட்டு ஒர்க்கர் அடுத்த மெசேஜுக்குப் போய்விடலாம். ஒர்க்கருக்குள் `sleep` போட்டுக் காத்திருக்காதீர்கள், இடமும் அடைபடும், மறைவு நேரமும் ஓடும்.

எத்தனை முறை முயல்வது? எஸ்க்யூஎஸ்ஸில் இதற்கு `maxReceiveCount`, அதைத் தாண்டினால் மெசேஜ் டெட் லெட்டர் கியூவுக்குப் போகும். 5 என்று எல்லாரும் போடுகிறார்கள், ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே உள்ள ஃபார்முலாவில் 5 முயற்சிக்கு நடுவே நான்கு இடைவெளி: 10, 20, 40, 80, கூடினால் அதிகபட்சம் 150 வினாடி, தற்செயல் கலப்பதால் சராசரி அதில் பாதி. கேட்வே 20 நிமிடம் படுத்துவிட்டால் அன்றைய மெசேஜெல்லாம் டெட் லெட்டர் கியூவில்தான். 10 முயற்சி என்றால் ஒன்பது இடைவெளி, கூடினால் 3,070 வினாடி, சராசரி ஏறக்குறைய 25 நிமிடம். எவ்வளவு நேரக் கோளாறைத் தானாகத் தாண்ட வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதிலிருந்து எண்ணுக்கு வாருங்கள்.

இன்னொன்று, ரீட்ரை அடுக்கடுக்காகப் பெருகும். எச்டிடிபி லைப்ரரி 3 முறை, அதைச் சுற்றி யாரோ எழுதிய ஃபங்ஷன் 3 முறை, கியூ 5 முறை என்றால் ஒரே மெசேஜுக்கு 45 அழைப்பு. கியூ பார்த்துக்கொள்ளட்டும் என்று உள்ளே இருப்பதை எடுத்துவிடுங்கள், நொடியில் தீரும் சின்ன இணைப்புக் கோளாறுக்கு வேண்டுமானால் ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

ரீட்ரை வரிசையையும் குலைக்கும். "முகவரி மாறியது" என்ற மெசேஜ் தோற்றுக் காத்திருக்கும்போது, அடுத்த முகவரி மாற்றம் முந்திக்கொண்டு போய்விட, பழையது வந்து புதியதை அழித்துவிடும். இது டூப்ளிகேட் அல்ல, சாவியும் வேறு, அதனால் படி 3 பிடிக்காது. மெசேஜில் ஒரு வெர்ஷன் எண் வைத்து, அது 8 என்றால் `WHERE version < 8` என்பது போல அப்டேட் செய்யுங்கள்.

## படி 6: டெட் லெட்டர் கியூ குப்பைத் தொட்டி அல்ல

ஸ்டாண்டர்ட் கியூவில் ஒரு மெசேஜ் டெட் லெட்டர் கியூவுக்கு மாறினாலும் அதன் வயது முதலில் அனுப்பிய நேரத்திலிருந்தே எண்ணப்படும். முதல் கியூவில் 3 நாள் கிடந்த மெசேஜ், 4 நாள் வைத்திருக்கும் டெட் லெட்டர் கியூவுக்குப் போனால், நீங்கள் பார்க்க ஒரே நாள்தான் மிச்சம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்தால் கதை முடிந்தது. அதற்கு 14 நாள் வையுங்கள், அதில் ஒரே ஒரு மெசேஜ் விழுந்தாலும் அலாரம் அடிக்க வேண்டும்.

முதன்மைக் கியூவில் எத்தனை மெசேஜ் இருக்கிறது என்பதைவிட `ApproximateAgeOfOldestMessage` பயனுள்ளது. எண்ணிக்கை விற்பனை நாளில் தானாக ஏறும், வயது ஏறினால் ஏதோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

## ஃபிஃபோ வாங்கினால் தீராதா?

எஸ்க்யூஎஸ்ஸின் இன்னொரு வகையான, வரிசை மாறாமல் தரும் ஃபிஃபோ கியூ, அனுப்பும் பக்க டூப்ளிகேட்டை 5 நிமிட இடைவெளிக்குள் வந்தால் பிடித்துவிடும். ஆறாவது நிமிடத்தில் வந்தால் பிடிக்காது. விசிபிலிட்டி டைம்அவுட் அங்கும் உண்டு, எங்கள் 8:00:30 கதை அங்கும் நடக்கும். காஃப்காவில் டிரான்சாக்‌ஷன் 2017-இல் 0.11 பதிப்போடு வந்தது, காஃப்காவிலிருந்து எடுத்துக் காஃப்காவுக்கே எழுதும்வரை அது அருமையாக வேலை செய்கிறது. நடுவில் உங்கள் போஸ்ட்கிரெஸ்ஸோ எஸ்எம்எஸ் கேட்வேயோ வந்தால், அந்த இடத்தில் மறுபடி படி 3, படி 4.

## படி 7: உடைத்துப் பாருங்கள்

டெஸ்ட் சூழலில் அனுப்பும் புரோகிராமையே ஒவ்வொரு மெசேஜையும் இரண்டு முறை அனுப்பும்படி மாற்றிவிடுங்கள். நிரந்தரமாகவே. டூப்ளிகேட்டைத் தாங்காத ஒர்க்கர் முதல் நாளே மாட்டிக்கொள்ளும். அப்புறம் `COMMIT`க்கும் `DeleteMessage`க்கும் நடுவே ஒரு `sleep(20)` போட்டு, அந்த நேரத்தில் `kill -9` கொடுங்கள். ஒர்க்கரை மறுபடி ஓட்டினால், மெசேஜ் திரும்பி வரவேண்டும், வாலட்டில் 50 மட்டும் இருக்க வேண்டும், மெசேஜ் அழிந்திருக்க வேண்டும்.

புரொடக்‌ஷனில் இன்சர்ட் 0 வரி தந்த ஒவ்வொரு முறையும் ஒரு கவுண்டரை ஏற்றுங்கள். எங்களுடையதில் அதைப் போட்ட முதல் வாரமே அந்த எண்ணிக்கை திடீரென மேலே ஏறியது, பார்த்தால் யாரோ ஒருவர் தொகுப்பு அளவை 1-லிருந்து 10 ஆக்கிவிட்டு, விசிபிலிட்டி டைம்அவுட்டைத் தொடாமல் விட்டிருந்தார். வாலட் கணக்கு ஒரு ரூபாய்கூட மாறவில்லை, அக்கவுண்ட்ஸ் ஆளும் வரவில்லை.